ரத்த அழுத்தத்தின் மரபணு ஏன் அகப்படவில்லை?

2007இல் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பு ஏழு நோய்களின் மரபணு வேர்களைத் தேடி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் சுமார் 2,000 நோயாளிகள். ஏழுக்கும் பொதுவாகச் சுமார் 3,000 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு. ஆறு நோய்களில் தடயம் கிடைத்தது. உயர் ரத்த அழுத்தத்தில் மட்டும் ஒன்றுகூட அவர்கள் வைத்த வரம்பைத் தாண்டவில்லை.

அப்படியானால் ரத்த அழுத்தத்துக்கு மரபணுத் தொடர்பே இல்லையா? அந்த முடிவுக்கு வர இந்த ஆய்வில் இடமில்லை. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மரபணு வேறுபாடு நோயற்றவர்களின் மரபணுப் பிரதிகளில் 100க்கு 30இல் இருக்கிறது, அது நோயோடு கொண்ட தொடர்பின் அளவு 1.2 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளிடம் அது 100க்கு 34 ஆகத்தான் இருக்கும். இந்த நான்கு தற்செயலா, உண்மையா என்று பிரித்தறிய வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் சோதித்தால், நூற்றுக்கு ஐந்து தவறான எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம். அப்போது நோயாளிகள் 1,100 பேர், மற்றவர்கள் 1,100 பேர் இருந்தாலே உண்மையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம். இந்த வாய்ப்பைத்தான் ஆய்வின் ‘புள்ளியியல் திறன்’ என்கிறார்கள்.

ஆனால் இத்தகைய ஆய்வுகள் பல லட்சம் வேறுபாடுகளை ஒரே நேரத்தில் சோதிக்கின்றன. அதே வரம்பை வைத்தால் பல்லாயிரம் பொய்த் தடயங்கள் வந்து குவியும். அதனால் வரம்பை இரண்டு கோடியில் ஒன்று என்று இறுக்குவது வழக்கம். உடனே தேவை ஒவ்வொரு பக்கமும் சுமார் 5,500 பேராக ஏறிவிடுகிறது. பக்கத்துக்கு 2,000 பேரோடு நிறுத்தினால் திறன் ஏறக்குறைய 5 சதவீதம்தான். இத்தகைய இருபது மரபணுக்கள் உண்மையிலேயே இருந்தாலும் ஒன்றுதான் அகப்படும். தொடர்பு 1.1 மடங்காகக் குறைந்தாலோ பக்கத்துக்கு 20,000 பேருக்கு மேல் வேண்டும். வித்தியாசம் பாதியானால் ஆள் தேவை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவினர் அந்த நோய் இல்லாதவர்கள் என்று சோதித்துச் சேர்க்கப்பட்டவர்கள் அல்ல. அவர்களில் கால் பங்கினருக்கு நோய் இருந்தால், கண்ணில் படும் வித்தியாசமும் கால் பங்கு குறையும். அதை ஈடுகட்ட முக்கால் பங்குக்கும் அதிகமாகக் கூடுதல் ஆட்கள் தேவை. பரவலான நோயை ஆராய்பவர்கள் ஆள் சேர்க்கும் முன்பே இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் செலவழிந்த பிறகு திருத்த வழியில்லை.

2009இல் இரண்டு சர்வதேசக் குழுக்கள் தலா சுமார் 30,000 பேரை ஆராய்ந்தன. நோயாளி, நோயற்றவர் என்று பிரிப்பதை மட்டும் நம்பாமல் ரத்த அழுத்த அளவையே நேரடியாக எடுத்துக்கொண்டன. மரபணுப் பகுதிகள் பல கிடைத்தன. ஒவ்வொன்றும் மேல் அழுத்தத்தை மாற்றியது சுமார் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான்.