ஒரே வரியில் நின்றால் சொந்தமாகிவிடுமா?

பேரேட்டுப் பக்கங்கள் – 14

போன வாரம் பேரேட்டின் இரண்டு கைகளைப் பற்றிச் சொன்னேன். இடது கை பற்று, வலது கை வரவு. காகிதத்தில் எழுதிய காலத்தில் இந்த அமைப்புக்கு ஈடு கிடையாது. ஒரு பார்வையிலேயே எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். கூட்டிப் பார்க்கவும் சுலபம். ஆனால் அதே பக்கத்தை எக்செல்லில் ஏற்றி, தேதிவாரியாக அடுக்கி, அன்றன்றைய பாக்கியைப் பார்க்க நினைத்தால் இரண்டு கைகளும் ஒன்றையொன்று இடிக்கும். அப்போது எல்லாத் தொகைகளையும் ஒரே பத்திக்குக் கொண்டுவர வேண்டும்: பற்றுக்குக் கூட்டல் குறி, வரவுக்குக் கழித்தல் குறி. கேட்க எளிதாக இருக்கிற இந்த வேலையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

கணக்கு எழுத வந்த புதிதில் ஒரு ஹார்டுவேர் கடையின் வாடிக்கையாளர் கணக்குகளை இப்படி மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் கடைக்காரர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். “தம்பி, ஒண்ணாந் தேதி மேஸ்திரி நமக்குப் பாக்கியே வைக்கலைன்னு போட்டிருக்கு. பழைய பாக்கிக்கு அவர் பத்தாந் தேதிதானே செக்கு கொடுத்தாரு? நான்தானே கை நீட்டி வாங்கினேன்?” கடைசி வரியில் இறுதி பாக்கி பைசா பிசகாமல் சரியாக இருந்தது. அதனால்தான் நான் சந்தேகப்படவில்லை.

அந்தக் கணக்கைச் சுருக்கி, தொகைகளை மாற்றி, ஏப்ரல் 2024 என்று வைத்துக் கீழே தருகிறேன். எக்செல் தாளில் மூன்றாவது வரியில் தொடங்குகிறது. இடப்பக்கம் `A` முதல் `D` வரை தேதி, விவரம், வவுச்சர் எண், தொகை. வலப்பக்கம் `E` முதல் `H` வரை அதே நான்கு. இங்கே இடம் கருதி வவுச்சர் எண் பத்தியை விட்டுவிட்டேன்.

| தேதி | பற்று | தொகை | தேதி | வரவு | தொகை |
|---|---|---|---|---|---|
| 1-4 | ஆரம்ப இருப்பு | 18,000 | 10-4 | செக் | 18,000 |
| 6-4 | பில் | 24,500 | 15-4 | சரக்கு திருப்பம் | 1,200 |
| 15-4 | பில் | 9,750 | 22-4 | ரொக்கம் | 20,000 |
| 27-4 | பில் | 16,250 | 30-4 | இறுதி இருப்பு | 29,300 |
| | மொத்தம் | 68,500 | | மொத்தம் | 68,500 |

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு வரியிலும் இடத்தொகையிலிருந்து வலத்தொகையைக் கழித்தேன். இடப்பக்கத் தேதியை அப்படியே வைத்துக்கொண்டேன். இறுதி இருப்பு வரியை மட்டும் நீக்கினேன். முதல் வரியில் 18,000 கழித்தல் 18,000, பூஜ்யம். இரண்டாவதில் 23,300. மூன்றாவதில் கழித்தல் 10,250. நான்காவதில் 16,250. கூட்டினால் 29,300. இறுதி இருப்போடு அச்சாகப் பொருந்துகிறது.

பொருந்தாமல் எப்படி இருக்கும்? எந்த வரிசையில் கழித்தாலும் மொத்தத்திலிருந்து மொத்தம் போனால் மிஞ்சுவது அதேதான். தவறு தேதியில் ஒளிந்திருக்கிறது. பத்தாம் தேதி வந்த செக், ஒன்றாம் தேதியே வந்ததாக ஆகிவிட்டது. 22ஆம் தேதி வாங்கிய ரொக்கம் 15ஆம் தேதிக்கு ஏறிவிட்டது. இடப்பக்கத்து மூன்றாவது வரியும் வலப்பக்கத்து மூன்றாவது வரியும் அக்கம்பக்கத்தில் நிற்பதற்கு ஒரே காரணம், இரண்டும் அவரவர் பக்கத்தில் மூன்றாவதாக எழுதப்பட்டவை என்பதுதான். வேறு எந்தச் சொந்தமும் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்களை உறவினர்கள் என்று எழுதுவது போன்ற பிழை இது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றன்றைய பாக்கியை அது நின்ற நாட்களால் பெருக்கி, கூட்டி, 18ஆல் பெருக்கி, 36,500ஆல் வகுக்க வேண்டும். சரியான தேதிகளோடு போட்டால் ஏப்ரல் மாத வட்டி 392 ரூபாய் 70 பைசா. என் தவறான தாளின்படி போட்டால் 238 ரூபாய் 44 பைசாதான். ஒரே ஆளின் ஒரே மாதக் கணக்கில் 154 ரூபாய் காணாமல் போகிறது, இறுதி பாக்கியில் ஒரு பைசா வித்தியாசமும் இல்லாமல்.

சரியான வழி, வலப்பக்கத்தைக் கத்தரித்து இடப்பக்கத்தின் அடியில் ஒட்டுவது. பக்கத்தில் நின்றதைக் கீழே நிறுத்துகிறோம். ஒவ்வொரு பதிவும் தன் தேதியைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. அதற்கு முன் நீக்க வேண்டியவை இரண்டு. முதலாவது மொத்த வரி. இரண்டாவது இறுதி இருப்பு. பள்ளிப் பாடத்தில் இருப்பு கீ/இ என்று படித்தோமே, அதுதான். அது நடந்த வரவு அல்ல. இரண்டு மொத்தங்களையும் சமமாக்க, குறைந்த பக்கத்தில் நாமே எழுதிய எண். அதை விட்டுவைத்தால் புதிய பத்தியின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வரும். எப்போதாவது மாற்றி முடித்ததும் கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வந்தால், முதலில் இறுதி இருப்பு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப இருப்பு இதற்கு நேர்மாறு: அது கட்டாயம் இருக்க வேண்டும். கணக்கு பல பக்கம் ஓடியிருந்தால் ஒவ்வொரு பக்க முடிவிலும் அடுத்த பக்கத் தொடக்கத்திலும் எழுதிய பக்க மொத்தங்களும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தொகை திரும்பத் திரும்ப ஏறும்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு ஒரே சூத்திரம் போதும். இடப்பக்கத்தில் நான்கு வரி, வலப்பக்கத்தில் இறுதி இருப்பை விட்டு மூன்று வரி:

```
=VSTACK(A3:D6, HSTACK(E3:G5, -H3:H5))
```

வெற்று அறைகள் இதில் 0 என்று வரும், பயப்பட வேண்டாம். பழைய எக்செல் என்றால், ஒரு காலி அறையில் -1 என்று எழுதி அதை நகலெடுங்கள். வலப்பக்கத் தொகைகளைத் தேர்ந்தெடுத்து `Paste Special` பெட்டியில் `Multiply` கொடுங்கள். எல்லாத் தொகைக்கும் கழித்தல் குறி வந்துவிடும். பிறகு அந்த நான்கு பத்திகளையும் கத்தரித்து அடியில் ஒட்டலாம். இதை எப்போதும் தாளின் நகலில் செய்யுங்கள், மூலத்தில் அல்ல. எந்த வழியில் செய்தாலும், முடிவைப் புதிய தாளில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, தேதிவாரியாக அடுக்குங்கள். தொகை `D2`வில் தொடங்கினால் ஓடும் பாக்கிக்கு இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=SUM($D$2:D2)
```

மேஸ்திரியின் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது:

| தேதி | விவரம் | தொகை | பாக்கி |
|---|---|---|---|
| 1-4 | ஆரம்ப இருப்பு | 18,000 | 18,000 |
| 6-4 | பில் | 24,500 | 42,500 |
| 10-4 | செக் | -18,000 | 24,500 |
| 15-4 | பில் | 9,750 | 34,250 |
| 15-4 | சரக்கு திருப்பம் | -1,200 | 33,050 |
| 22-4 | ரொக்கம் | -20,000 | 13,050 |
| 27-4 | பில் | 16,250 | 29,300 |

ஆறாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை அவர் 42,500 ரூபாய் பாக்கி வைத்திருந்தார் என்பது இரண்டு கை அமைப்பில் எங்குமே கண்ணில் படாது. கடைக்காரர் எனக்குச் சொல்லிக் காட்டியது இது போன்ற ஒரு தகவலைத்தான்.

இனி, கையில் வரும் தாள்கள் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் மூன்று பில் என்றால் முதல் வரியில் மட்டும் தேதி எழுதி, மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டிருப்பார்கள். காகிதத்தில் கண் அதைப் புரிந்துகொள்ளும். அடுக்கும்போது தேதியில்லாத வரிகள் அடியில் போய்ச் சேர்ந்துவிடும்; மேலே தந்த சூத்திரத்தின் வழியில் வந்தால் தேதி 0 ஆகி உச்சியில் போய் நிற்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக, மேலே உள்ள தேதியைக் கீழே நிரப்ப வேண்டும். ஒட்டிய பிறகு நிரப்பினால், வலப்பக்கத்து முதல் வரி வெறுமையாக இருக்கும் பட்சத்தில் இடப்பக்கத்துக் கடைசித் தேதி அதில் வந்து உட்கார்ந்துவிடும்.

எனக்கு மிகவும் தலைவலி கொடுத்தது எழுத்தாகிப்போன எண்கள். பார்க்க 9,750 என்றுதான் இருக்கும், ஆனால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது. அறையின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே தந்த சூத்திரத்தில் இது விபரீதமாகும். வலப்பக்கத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால், எழுத்தாக இருந்த 1,200 சத்தமில்லாமல் எண்ணாக மாறிவிடும். இடப்பக்கத்துக்கு அந்தக் குறி இல்லாததால் 9,750 எழுத்தாகவே நிற்கும், `SUM` அதைத் தாண்டிப் போய்விடும். பில்லை விட்டுவிட்டு வரவை மட்டும் கழித்த கணக்காக ஆகிவிடும். கண்டுபிடிக்க இரண்டு சூத்திரம் போதும்:

```
=COUNT(D3:D6)
=COUNTA(D3:D6)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது வெறுமையல்லாத எல்லா அறைகளையும் எண்ணும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எழுத்து புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வலப்பக்கத்துக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இன்னொன்று. பற்றுப் பக்கத்திலேயே சிலர் -1,200 என்று எழுதியிருப்பார்கள். தப்பாகப் போட்ட பில்லை அதே பக்கத்தில் ரத்து செய்த பதிவு அது. அதை அப்படியே விட வேண்டும். குறியை அழித்துவிட்டுப் பக்கத்தைப் பார்த்துப் புதிதாகப் போடலாம் என்று நினைத்தால் 2,400 ரூபாய் பிசகும். வரவுப் பக்கத்தில் கழித்தல் குறியோடு இருந்தால் அது கூட்டலாக மாறுவதும் சரிதான். வந்த செக் திரும்பிப் போனால் பாக்கி மறுபடி ஏறத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் ஒற்றைப் பத்தியின் குறையும் தெரிகிறது. ரத்தான பில்லும் சரக்குத் திருப்பமும் இப்போது ஒரே -1,200தான். வரிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு. அதனால் ஒட்டும்போதே கூடுதலாக ஒரு பத்தி வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு ‘ப’ அல்லது ‘வ’ என்று எழுதிவிடுங்கள். பிற்பாடு மூலத்தோடு ஒப்பிட இந்தப் பத்தி இல்லாமல் முடியாது. ‘ப’ வரிகளின் கூட்டுத்தொகை பழைய இடப்பக்க மொத்தமான 68,500 ஆக வர வேண்டும். ‘வ’ வரிகளின் கூட்டுத்தொகை -39,200, அதாவது வலப்பக்க மொத்தத்தில் இறுதி இருப்பு போக மீதி. வரிகளின் எண்ணிக்கை நான்கும் மூன்றும் ஏழு. மூன்றும் பொருந்திய பிறகும் ஏதாவது ஒரு நடுத் தேதியை எடுத்து, அன்றைய பாக்கியை மூலத்திலிருந்து கையால் கூட்டிப் பாருங்கள். தேதிப் பிழையை அந்த ஒரு சோதனை மட்டுமே பிடிக்கும்.

அடுத்த வாரம் வங்கிப் பாஸ்புக். அங்கே வரவு என்று அச்சிட்டிருப்பது நம் புத்தகத்தில் பற்று. இன்று சொன்ன குறிகளை அப்படியே அதில் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.