பதினான்கு நாளில் எழும்ப வேண்டுமா? சட்டத்தரணியின் கடிதத்தை ஒரு பக்கத்தில் சுருக்கிய கதை

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்மணி, சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டரைப் பக்கக் கடிதம் ஒன்றுடன் என்னிடம் வந்தார். பதிவுத் தபாலில் வந்த ஆங்கிலக் கடிதம். வீட்டுக்காரரின் சட்டத்தரணி அனுப்பியது. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். உறுதி, பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை என்பவற்றைத் தமிழாக்குவது தொழில். சட்டத்தரணி அல்ல.

"அண்ணை, பதினாலு நாளுக்குள்ள எழும்பச் சொல்லிக் கிடக்கு. சாமான் கட்டத் தொடங்கிட்டன்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் படித்துச் சொன்னதாம். முழுக் கடிதத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம், ஒரு பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதித் தந்தால் போதும் என்றார். இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். முழு மொழிபெயர்ப்பைவிடச் சுருக்கம் எழுதுவதுதான் கடினம் என்பதை அந்த ஒரு பக்கம் எனக்கு நன்றாகவே காட்டியது.

இவ்வகைக் கடிதங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். "எனது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்படி" என்று தொடங்கும். முதல் சில பந்திகளில் நடந்ததாகச் சொல்லப்படுபவை வரும். பிறகு கோரிக்கை, அதற்கான கால எல்லை, கடைசியில் இணங்காவிட்டால் என்ன செய்யப்படும் என்ற எச்சரிக்கை. ஆனால் இவை தனித்தனியாக நிற்பதில்லை. ஒரே நீண்ட வாக்கியத்துக்குள் பணமும் திகதியும் வழக்கும் பின்னிக் கிடக்கும். பயந்துபோய் வாசிப்பவரின் கண்ணில் முதலில் படும் இலக்கம் எதுவோ, அதுவே மொத்தக் கடிதமும் ஆகிவிடும். இங்கே அது பதினான்கு.

நான் முதலில் செய்தது, கடிதத்தில் உள்ள திகதிகளையும் தொகைகளையும் மட்டும் பென்சிலால் வட்டமிட்டது. அப்போதே ஒன்று தெரிந்தது. கடிதத்தில் இருந்தது ஒரு கால எல்லை அல்ல, இரண்டு. பதினான்கு நாட்கள் என்பது பணம் கட்டுவதற்கு. வீட்டைக் காலிசெய்து ஒப்படைப்பதற்குக் கொடுத்த நாள் ஜூன் 30. பெட்டி கட்டத் தொடங்கியவர் தவறான நாளுக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்.

பதினான்கு நாளிலும் ஒரு சிக்கல் இருந்தது. கடிதம் கிடைத்தது ஜூன் 9. எனவே 23 வரை நேரம் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் கடிதம் சொன்னது "இக்கடிதத்தின் திகதியிலிருந்து" பதினான்கு நாட்கள். கடிதத்தின் திகதி ஜூன் 2. அப்படியானால் கெடு ஜூன் 16 உடன் முடிகிறது. கடித உறையைக் கேட்டேன். நல்லகாலம், எறியவில்லை. தபால் முத்திரையில் ஜூன் 6 என்று இருந்தது. எழுதி நான்கு நாள் கழித்துத்தான் தபாலில் சேர்த்திருக்கிறார்கள். உறையைக் கடிதத்துடன் பின் பண்ணி வைக்கச் சொன்னேன். எப்போது அனுப்பினார்கள் என்பது பிறகு கேள்வியானால், அந்த அழுக்கு உறைதான் பதில் சொல்லும்.

அடுத்து கோரிக்கை. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத வாடகை, மாதம் 45,000 ரூபாப்படி 135,000. மின்சாரம், தண்ணீர் நிலுவை 18,400. மொத்தம் 153,400 ரூபா. அத்துடன் ஜூலை 1 முதல் வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை ஒரு நாளைக்கு 3,000 ரூபா நட்டஈடு. இந்தக் கடைசித் தொகை ஒரு வரிக்குள் ஒளிந்திருந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் 90,000, அதாவது வாடகையின் இரு மடங்கு. இதை 153,400 உடன் சேர்த்து எழுதக்கூடாது. ஒன்று இப்போது கேட்கும் பணம், மற்றது ஜூன் 30-இன் பின்னும் இருந்தால் வழக்கில் கேட்கப்போகும் பணம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றும் இல்லை, நட்டத்தைக் கேட்டவர் நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். என் முதல் வரைவில் "மூன்று மாத வாடகை நிலுவை உள்ளது" என்று எழுதியிருந்தேன். அந்தப் பெண்மணியின் தம்பி அதை வாசித்துவிட்டு, "அக்கா, மார்ச் காசு நான்தானே பாங்க்கில போட்டனான்?" என்றார். கைத்தொலைபேசியில் பற்றுச்சீட்டும் இருந்தது. வீட்டுக்காரர் சொல்வதை நான் நடந்த உண்மையாக எழுதிவிட்டேன். அந்தத் தாளை அவர் தன் கைப்பட ஒப்பமிட்டு வேறெங்காவது கொடுத்திருந்தால் என்ன ஆகும்? திரும்ப எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் "கடிதத்தின்படி" என்பதைச் சேர்த்தேன். வாசிக்க அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

கடைசியாக எச்சரிக்கை. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: இணங்கத் தவறினால், மேலும் அறிவித்தல் இன்றி, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்து, வெளியேற்றம், நிலுவை, நட்டஈடு, வழக்குச் செலவு ஆகியவை கோரப்படும். ஜூலை முதலாம் திகதி யாரும் வந்து சாமானைத் தெருவில் போடுவார்கள் என்று அதில் இல்லை. வீட்டுக்காரர் வாய்ப்பேச்சில் "கரண்டை வெட்டுவன், பூட்டை மாத்துவன்" என்று சொல்லியிருந்தார். பெண்மணியின் மனதில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன.

வாடகைக்காரரை வீட்டிலிருந்து எழுப்புவது நீதிமன்றத்தின் வேலை. தீர்ப்பு வந்து, அதை நிறைவேற்றும் கட்டளையோடு பிஸ்கல் அதிகாரி வரும்வரை, ஒரு சட்டத்தரணியின் கடிதத்தால் எவரையும் வெளியேற்ற முடியாது. பலவந்தமாக வெளியேற்றினால், 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் போக வேண்டும். எனவே வாய்ப்பேச்சைச் சுருக்கத்தில் சேர்க்காமல், திகதியோடு தனித்தாளில் எழுதி வைக்கச் சொன்னேன்.

முடிவில் என் சுருக்கம் இப்படி அமைந்தது:

"கடிதத்தின் திகதி ஜூன் 2. தபால் முத்திரை ஜூன் 6. கிடைத்தது ஜூன் 9. கோரிக்கை: கடிதத்தின்படி, மூன்று மாத வாடகையும் மின்சாரம், தண்ணீர் நிலுவையுமாக 153,400 ரூபா, வீட்டைக் காலிசெய்து ஒப்படைத்தல். கெடு: பணத்துக்கு ஜூன் 16, வீட்டுக்கு ஜூன் 30. இணங்காவிட்டால்: கடிதத்தின்படி, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அதில் ஜூலை 1 முதல் நாளொன்றுக்கு 3,000 ரூபா நட்டஈடும் வழக்குச் செலவும் கோரப்படும்."

தாளின் மறுபக்கத்தில், கடிதத்தில் இல்லாதவற்றை எழுதினேன். மார்ச் வாடகைப் பற்றுச்சீட்டு. வீட்டுக்காரரிடம் உள்ள ஆறு மாத முற்பணம் 270,000 ரூபா, அதைப்பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. முற்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும் என்று நம்மவர்கள் பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆனால் இவருடைய ஒப்பந்தத்தில், வீட்டை விட்டுப் போகும்போது சேதத்தைக் கழித்து முற்பணம் திருப்பித் தரப்படும் என்றுதான் இருந்தது. எனவே அது கையில் இருப்பதால் நிலுவை நிலுவையில்லை என்று ஆகாது.

அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டிருந்தார்கள். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவில்லை. மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருடம் சட்டத்தில் நிற்காது. மாதாமாதம் வாடகை வாங்கி இருக்கவிட்டதால் அது மாத வாடகையாகவே பார்க்கப்படும். மாத வாடகையை முடிக்க ஒரு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் வேண்டும், அதுவும் வாடகை மாதத்தின் இறுதியோடு முடிய வேண்டும். ஜூன் 9-இல் கிடைத்த கடிதம் ஜூன் 30-ஐக் குறித்தால் ஒரு மாதம் எங்கே? ஜூலை 31 என்றிருந்தால் சரி. வாடகை முதலாம் திகதி தொடங்குவதால் நான் இப்படிக் கணக்கிட்டேன். இதைச் சுருக்கத்தில் எழுதவில்லை. "சட்டத்தரணியிடம் கேட்கவேண்டியது" என்று தலைப்பிட்டுக் கேள்வியாக எழுதினேன். அது என் தீர்மானமாகக் கூடாது.

(பழைய வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1972-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீட்டில், முதற்தடவை வாடகை நிலுவை என்றால் மூன்று மாத அறிவித்தல் வேண்டும். அதற்குள் நிலுவையைச் செலுத்திவிட்டால் அந்தக் காரணத்தில் வழக்கே போட முடியாது. 1980 ஜனவரிக்குப் பின் கட்டிய குடியிருப்பு வீடுகள் அதற்குள் வருவதில்லை. இது புதுக் கட்டடம்.)

கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்கலாமா என்று தம்பி கேட்டார். இருக்கவே கூடாது. கொடுக்கல் வாங்கல் விடயத்தில் ஒருவர் கடிதத்தில் ஒன்றைச் சொல்லி, மற்றவர் மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காவிட்டால், அதை ஒப்புக்கொண்டதாக எடுக்கலாம் என்பது 1948-இன் சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்களில் சொல்லப்பட்டு வருவது. மார்ச் வாடகை கட்டியதைச் சொல்லாமல் விட்டால், பிறகு சொல்வது பிந்திப்போய்ச் சொல்வதாகிவிடும்.

அவர் அந்தத் தாளையும் கடிதத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனார். அங்கிருந்த சட்டத்தரணி ஐந்து நிமிடத்தில் தாளை வாசித்துவிட்டு, கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாராம். ஜூன் 15 அன்று பதில் பதிவுத் தபாலில் போனது. மார்ச் வாடகை மறுக்கப்பட்டது, பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டது. ஏப்ரல், மே வாடகை 90,000 ரூபா வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் அன்றே போடப்பட்டது. மின்சாரப் பட்டியலின் பிரதி கேட்கப்பட்டது. அறிவித்தல் போதாது என்பதும் ஒரு வரியில் சொல்லப்பட்டது.

ஜூலை முதல் வாரத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. மார்ச் மாதத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இனிமேல் கட்டும் பணம் வாடகையாக அல்ல, நட்டஈடாகவே, உரிமைகளுக்குப் பாதகமின்றி ஏற்கப்படும் என்று ஒரு வரி புதிதாக இருந்தது. வாடகையென்று வாங்கினால் வாடகை தொடர்கிறது என்று வாதிட இடம் வரும் என்பதால் அப்படி எழுதுவார்கள். வீட்டை ஒப்படைக்கச் சொன்ன நாள் ஆகஸ்ட் 31.

அந்தக் கடிதத்தின் சுருக்கத்தை எழுத எனக்கு அரைப் பக்கம்தான் தேவைப்பட்டது. பெண்மணி அவிழ்த்த பெட்டிகளைத் திரும்பக் கட்டவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வேறு வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை ஒப்பந்தம் நொத்தாரிசிடம் எழுத எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டார்.