பரிசு பெற ரகசிய எண் எதற்கு?

ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குச் செல்லும் நம் கிராமத்துத் தொழிலாளர் பலர் சம்பளத்தைக் கைப்பேசி வழியாகவே வீட்டுக்கு அனுப்புகின்றனர். அவர்களைக் குறிவைக்கும் சூழ்ச்சி ஒன்றை இங்கு விளக்குவோம்.

கைப்பேசிக்கு வரும் இணைப்பைத் தொட்டால் ஸ்கிராட்ச் கார்டு ஒன்று தோன்றுகிறது. சுரண்டினால் 1,999 ரூபாய் பரிசு என்று காட்டுகிறது. பெறுவதற்கான பொத்தானைத் தொட்டதும் தொழிலாளியின் சொந்தப் பணச் செயலியே திறப்பதால், அவருக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் அத்திரையில் இருப்பது 1,999 ரூபாயை வேறொருவருக்குச் செலுத்தும் கட்டளை. ரகசிய எண்ணை இட்டவுடன் பணம் போய்விடும்.

உண்மையான பரிசுத் தொகை தானாகவே கணக்கில் சேரும். பணம் பெற ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. அதைக் கேட்கும் திரையில் 'Pay' என்ற சொல்லும் பெறுபவர் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

தனிநபர் மற்றவரிடம் பணம் கோரும் யு.பி.ஐ. வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. எனினும் மேற்கூறிய இணைப்பு வழியை அது அடைக்கவில்லை.

ஏமாந்தவர் உடனே 1930 எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் கணக்கு வைத்திருப்போருக்கும் அதுவே எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தகவல் சென்றால்தான் வங்கி அதனைத் தடுத்து நிறுத்த இயலும்.