லித்தியம் மாத்திரையும் சிறுநீரகமும்

இருமுனைக் கோளாறு என்ற மனநோயில் கட்டுக்கடங்காத எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும். இந்த நோய்க்கு லித்தியம் பயன்படுவதை ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். அதன் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் நோய் திரும்பாமல் தடுப்பதிலும் தற்கொலைகளைக் குறைப்பதிலும் லித்தியம் இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. இதைச் சில மாதங்கள் சாப்பிட்டு நிறுத்திவிட முடியாது. பத்து, இருபது ஆண்டுகள்கூடத் தொடர வேண்டியிருக்கும். அந்த நீண்ட காலத்தில் சிறுநீரகத்தில் இரண்டு மாற்றங்கள் நேரலாம். ஒன்று, சிறுநீர் நீர்த்துப்போய் அளவு பெருகுவது. இது சில வாரங்களிலேயே தொடங்கக்கூடும். மற்றொன்று, சிறுநீரகத் திசு மெல்ல மெல்லத் தழும்பாக மாறுவது. இதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சோடியத்தின் வழியில் போகும் லித்தியம்

பல மருந்துகளைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும். லித்தியம் ஒரு தனிமம் என்பதால் அதைச் சிதைக்க முடியாது. உடலுக்குள் போன லித்தியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

உப்பில் உள்ள சோடியமும் லித்தியமும் வேதியியலில் நெருங்கிய உறவு கொண்டவை. சிறுநீரகம் பல இடங்களில் இரண்டையும் ஒன்றுபோலவே நடத்துகிறது. ரத்தத்திலிருந்து வடிகட்டப்படும் லித்தியத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை, சோடியத்தோடு சேர்த்து, அது மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. மீதி ஒரு பங்குதான் சிறுநீரில் போகிறது.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கடும் வெயிலில் வியர்வை ஆகியவற்றால் உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்க முயலும். அப்போது லித்தியமும் கூடவே தங்கிவிடும். மாத்திரையின் அளவு மாறாமலேயே ரத்தத்தில் லித்தியம் ஏறுவது இப்படித்தான். ரத்த அழுத்தத்துக்காக ஒருவர் திடீரென்று உப்பை அடியோடு நிறுத்தினாலும் இதே விளைவு வரும்.

சிறுநீர் ஏன் நீர்த்துப்போகிறது?

உடலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் உள்ள செல்களுக்குத் தகவல் சொல்லும். உடனே அந்தச் செல்கள் அக்வாபோரின்-2 என்ற நுண்ணிய நீர்வாயில்களைத் தம் மேற்பரப்புக்குக் கொண்டுவரும். அவற்றின் வழியே தண்ணீர் உடலுக்குள் திரும்பும், சிறுநீர் கெட்டியாகும்.

இதே செல்களில் சோடியம் நுழைவதற்கென்று தனிக் கால்வாய்கள் உண்டு. லித்தியம் அவற்றின் வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. புகுந்த லித்தியத்தை வெளியே தள்ளும் திறன் செல்லுக்குக் குறைவு என்பதால் அது அங்கேயே சேர்கிறது. செல் நீர்வாயில்களைச் செய்வதும் குறைகிறது, ஹார்மோனுக்குக் கட்டுப்படுவதும் குறைகிறது. ஹார்மோன் போதிய அளவு சுரந்தாலும் தண்ணீர் திரும்பாமல் சிறுநீராகவே போய்விடும். மருத்துவத்தில் இதற்குச் சிறுநீரகவழி இன்சிபிடஸ் என்று பெயர். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

இது எவ்வளவு சிறுநீரில் போய் முடியும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். உடல் ஒரு நாளில் உப்பு, யூரியா போன்ற கழிவுகளாகச் சுமார் 750 மில்லிஆஸ்மோல் வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரை லிட்டருக்கு 750 அளவுக்குக் கெட்டியாக்க முடிந்தால் 1 லிட்டர் போதும். 250 வரைதான் முடியும் என்றால் 3 லிட்டர் வேண்டும். 150-க்கு இறங்கிவிட்டால் 5 லிட்டர். அந்த 5 லிட்டரையும் ஈடுகட்ட அந்த நபர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் மூன்று நான்கு முறை எழுவதும், தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் படுக்க முடியாததும் இதனால்தான்.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால் அது மிகை. முழு நாள் சிறுநீரையும் சேகரித்து அளந்தால் இது தெரிந்துவிடும். ரத்தச் சர்க்கரையைப் பார்த்து நீரிழிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காலை முதல் சிறுநீரின் அடர்த்தியைச் சோதிப்பார்கள். இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காதபோதும் அது நீர்த்தே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் வரும். பழக்கத்தால் அதிகம் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் சிறுநீர் நீர்த்துப்போகும் என்பதால், மருத்துவமனையில் கண்காணிப்போடு சில மணி நேரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு செயற்கை ஹார்மோன் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. ஹார்மோன் கொடுத்த பிறகும் சிறுநீர் கெட்டியாகாவிட்டால் கோளாறு சிறுநீரகத்தில்தான்.

இந்த நிலையில் உள்ளவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையாது, உடல்தான் வறளும். ரத்தத்தில் சோடியமும் லித்தியமும் சேர்ந்து ஏறும். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் காத்திருக்கும்போது இந்த ஆபத்து அதிகம் என்பதால், லித்தியம் சாப்பிடுவதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ இந்தக் கோளாறு பெரும்பாலும் சரியாகும். பல ஆண்டுகள் கடந்தபின் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். மாத்திரை முழுவதையும் இரவில் ஒரே வேளையாகக் கொடுப்பது, ரத்த அளவை நோய் கட்டுக்குள் இருக்கும் மட்டத்தில் தாழ்வாக வைப்பது ஆகியவை முதல் வழிகள். தேவைப்பட்டால் அமிலோரைடு என்ற மருந்து சேர்க்கப்படும். அது லித்தியம் நுழையும் சோடியக் கால்வாயையே அடைக்கிறது. பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து என்பதால் இதற்கும் ரத்தப் பரிசோதனை தேவை.

சத்தமில்லாமல் வரும் தழும்பு

இரண்டாவது பாதிப்புக்கு அறிகுறி ஏதும் இருக்காது. குழாய்களைச் சுற்றியுள்ள திசு இறுகித் தழும்பாகும். மில்லிமீட்டர் அளவுள்ள சிறு நீர்க்கட்டிகள் தோன்றும். சிறுநீரில் புரதம் அவ்வளவாக வெளியேறாது என்பதால் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினைப் பார்த்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் என்ற எண்தான் வழிகாட்டி. சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்பதற்கான மதிப்பீடு அது.

ஒரு மாதிரிக் கணக்கு: 36 வயதில் லித்தியம் தொடங்கிய ஒரு பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.8, இஜிஎஃப்ஆர் 98. அவருடைய 46-ஆவது வயதில் கிரியாட்டினின் 1.0. பல ஆய்வகங்களின் அறிக்கையில் இது இயல்பு வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் இஜிஎஃப்ஆர் 70-க்கு இறங்கியிருக்கிறது. 52 வயதில் கிரியாட்டினின் 1.2 ஆகும்போது இஜிஎஃப்ஆர் 54. வயதானால் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிலிட்டர் குறைவது இயல்பு. இவருக்கு 16 ஆண்டுகளில் 44 குறைந்துவிட்டது. 52 வயதில் வந்த அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேகம் தெரியாது. பழைய அறிக்கைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்திருந்தால் 46 வயதிலேயே மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி யோசித்திருக்கலாம்.

வடிகட்டும் திறன் குறைந்தால் லித்தியம் வெளியேறுவதும் குறையும். அதே மாத்திரையில் ரத்த அளவு 0.7-இலிருந்து 0.9-க்கு ஏறும், ஏறிய லித்தியம் சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும். இந்தச் சுழற்சியை முன்கூட்டியே பிடிப்பதற்காகத்தான் இரண்டு பரிசோதனைகளும் சேர்ந்து செய்யப்படுகின்றன. டயாலிசிஸ் தேவைப்படும் கட்டம் வரை போவோர் மிகச் சிலரே.

ரத்தத்தில் லித்தியம் அளவு

நோய் திரும்பாமல் இருக்க, பெரும்பாலானோருக்கு ரத்த அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைக்கப்படுகிறது. சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.5-ஐத் தாண்டினால் நச்சு விளைவுகளுக்கு வாய்ப்பு அதிகம். பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி இருப்பதால் ஊகத்தில் மருந்து கொடுக்க முடியாது.

கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவருக்குக் காலை 9 மணிக்கு. காலை வேளையும் உள்ளவர் ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரையைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஆய்வகம் போனால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். இன்னொரு பிழை ரத்தக் குழலில் நேரும். சில குழல்களில் ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசப்பட்டிருக்கும். அதில் எடுத்தால் குழலின் லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும். நோயாளி நன்றாக இருக்க, அறிக்கை மட்டும் ஆபத்தான எண்ணைக் காட்டினால் இந்த இரண்டையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

மருந்து தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவை மாற்றிய பிறகும், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். அளவு நிலைபெற்றதும் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதியவர்களுக்கும், சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கும் மூன்று மாத இடைவெளியே தொடரும். கிரியாட்டினின், இஜிஎஃப்ஆர், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

இடையில் புதிய மருந்து சேர்ந்தால் தவணை வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், தயசைடு வகை நீர் மாத்திரைகள், எனலாபிரில், டெல்மிசார்ட்டான் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் எல்லாம் லித்தியம் அளவை ஏற்றக்கூடியவை. மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரையும் இதில் அடங்கும்.

கை நடுக்கம் திடீரென்று அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, குழப்பம் ஆகியவை லித்தியம் மிகுந்துவிட்டதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு மிக அதிகமானால் டயாலிசிஸ் மூலம் லித்தியத்தை அகற்றுவார்கள்.

இத்தகைய அவசரம் இல்லாதபோது, இஜிஎஃப்ஆர் குறைந்துவிட்டது என்பதற்காக நோயாளி தானாகவே மருந்தை நிறுத்துவது தவறு. திடீரென்று நிறுத்தினால் மனநோய் வேகமாகத் திரும்பும். தற்கொலை ஆபத்தும் கூடும். நிறுத்தினாலும் தழும்பான திசு பழைய நிலைக்கு வராது. மேலும் கெடுவது குறையலாம், அதுவும் வடிகட்டும் திறன் ஓரளவு மிஞ்சியிருக்கும்போது நிறுத்தினால்தான். மருந்தைக் குறைப்பதா, மாற்றுவதா, தொடர்வதா என்பதை மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் நோயாளியோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவர்களுக்குத் தேவைப்படுவது, மருந்து தொடங்கிய நாள் முதல் தேதி வாரியாகச் சேர்த்து வைத்த லித்தியம், இஜிஎஃப்ஆர் அறிக்கைகள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.