நோட்டுப் புத்தகமும் பத்தரை மணி வெயிலும்

பள்ளி திறக்கும் காலம் நெருங்கினால் கைப்பேசியில் ஒரே வகைப் படம் வந்து குவியும். மஞ்சளோ நீலமோ பின்னணி. அதன்மேல் நோட்டுப் புத்தகம், பேனா, அடிக்கோல், வண்ணப் பென்சில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கத்தரித்து ஒட்டியதுபோல் ஒரு நிழல். பொருள்களைத் தட்டையாகப் பரப்பி, நேர் மேலிருந்து எடுப்பதால் இதற்கு ‘ஃபிளாட் லே’ என்று பெயர். ரெங்கத்தில் ஓர் எழுதுபொருள் கடைக்கு இப்படிப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். பெரிய கேமரா இல்லை. கைப்பேசியும் இரண்டு மணிலா அட்டைகளும்தான்.

இந்தப் படத்தின் உயிர் நிழலில் இருக்கிறது. சூரியன் வானத்தில் பாதி உயரத்தில், அதாவது 45 பாகையில் நிற்கும்போது, ஒரு பொருளின் உயரமும் நிழலின் நீளமும் சமம். ஒரு சென்டிமீட்டர் தடிமனான நோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் நிழல். கண்ணுக்கு அளவாக இருக்கும். பக்கத்துப் பொருளின்மேல் ஏறாது. டிசம்பரில் ரெங்கத்தில் அந்த வெயில் கிடைப்பது காலை பத்தரை மணி வாக்கில். ஒன்பதரைக்கு எடுத்தால் நிழல் ஒன்றரை மடங்கு நீளும். பேனாவின் நிழல் அழிப்பானைத் தொட்டுவிடும்.

“மத்தியானம் வெளிச்சம் நல்லா இருக்குமே, அப்ப எடுக்கலாமே தம்பி?” என்று கடைக்கார அண்ணன் கேட்டார். நம் நேரப்படி இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணி சுமாருக்குத்தான். அப்போது நிழல் பொருளுக்கு அடியில் ஒடுங்கிவிடும். அதைவிடத் தொல்லை, மேலே பிடித்திருக்கும் கைப்பேசியின் நிழல். ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால், பத்தரை மணிக்கு அந்த நிழல் ஒரு மீட்டர் தள்ளி விழும். அட்டைக்கு வெளியே போய்விடும். டிசம்பர் உச்சி வெயிலில் அரை மீட்டருக்கும் குறைவாகவே தள்ளும். 2022 முதல் 2024 வரை பள்ளி மார்ச்சில் திறந்தபோது, உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. நிழல் படத்தின் நடுவிலேயே விழும். 2026-இல் பள்ளித் தொடக்கம் ஜனவரிக்குத் திரும்பியதால், விற்பனைப் படம் எடுக்கும் காலம் மீண்டும் டிசம்பர் ஆனது. மழைக்காலம், பிற்பகலை நம்ப முடியாது. காலைதான் வசதி.

கடை முன் அஞ்சடியின் ஓரத்தில், வெயில் விழும் இடத்தில் மேசையைப் போட்டு மஞ்சள் அட்டையை விரிப்பேன். நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அதற்கேற்ப அட்டையைத் திருப்பினால் போதும். பிறகு நோட்டுகள். புது நோட்டின் அட்டை முனை சுருண்டு நிற்கும். பளபளப்பான அட்டை என்றால் அந்த முனை கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பி அடித்து, படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். முதல் நாள் இரவே கனமான புத்தகங்களை மேலே வைத்து அழுத்திவிட வேண்டும். அப்போதும் அடங்காத முனைக்கு அடியில் இருபக்க ஒட்டுநாடா.

பேனா உருண்டையானது. வெயிலுக்குக் குறுக்கே வைத்தால் அதன் முதுகில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். எழுத்து அதில் மறைந்துவிடும். முனை சூரியனை நோக்கும்படி வைத்தால் கோடு மங்கும், நிழலும் மெலியும். உருளாமலிருக்க அடியில் சிறு பசைக்களிமண்.

அடுத்து நிறம். படம் முழுக்க மஞ்சள் இருந்தால், கைப்பேசி அதை வெளிச்சத்தின் குறை என்று நினைத்துக்கொண்டு நீலத்தைக் கலக்கும், மஞ்சள் வெளிறும். எனவே முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுப்பேன். திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் வைப்பேன். திறந்த நோட்டின் பக்கத்தைத் திரையில் தொட்டு, கோடுகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். நிழல் கறுத்துப்போனால், அந்தப் பக்கம் வெள்ளை மணிலா அட்டையை நிமிர்த்திப் பிடித்தால் மென்மையாகும்.

மழை விடாவிட்டால் உள்ளேதான். கூரை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு சிறு பல்பை இரண்டு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கிட்டே வைத்தால் நிழல்கள் விசிறிபோல் விரியும். ஒரு பேனாவுக்கு இரண்டு நிழல் தெரிந்தால், எங்கோ இன்னொரு விளக்கு எரிகிறது.

எடுத்து முடித்ததும் அண்ணனிடம் ஒன்றைக் கேட்பேன்: படத்தில் இருப்பதெல்லாம் அந்த விலைக்குள் அடங்குமா? அழகுக்காக வைத்த வண்ணப் பென்சில் பெட்டி தனி விலை என்றால், அதை எடுத்துவிட்டு மறுபடியும் எடுப்போம். மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வரும் அம்மா, கடையில் வந்து நின்ற பிறகு “அது சேராதுங்க” என்று கேட்கக் கூடாது.