அரிப்போடு வெள்ளைப்படும்போது

மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல் வழுவழுப்பாகவும், மாதவிடாய்க்கு முன்பு சற்றுக் கெட்டியாகவும் வெள்ளைப்படுவது இயல்பு. அதை 'உடம்பு சூடு' என்று சொல்லிக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் தாங்க முடியாத அரிப்பு, சிறுநீர் பட்டால் எரிச்சல், தோல் சிவந்து வீங்குதல் ஆகியவற்றோடு திட்டுத் திட்டாகக் கெட்டியாகப் படிந்தால், முதல் சந்தேகம் கேண்டிடா என்கிற பூஞ்சைத் தொற்றின் மேல்தான். பலர் இதை ஈஸ்ட் தொற்று என்கிறார்கள்.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது என்பதைவிட, ஏற்கெனவே உடம்பில் சிறிதளவு இருந்தது பெருகிவிடுகிறது என்பதே சரி. பெரும்பாலும் இது உடலுறவால் பரவும் நோய் அல்ல. மனைவிக்கு வந்துவிட்டது என்று கணவரைச் சந்தேகிப்பதிலும், சுத்தமில்லாதவள் என்று அவளைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை.

சிக்கல் என்னவென்றால், அரிப்பு என்றதும் எல்லாரும் பூஞ்சை என்றே முடிவுகட்டிவிடுகிறோம். அமெரிக்காவில் தாமாகவே மருந்து வாங்க வந்த 95 பெண்களைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், மூவரில் ஒருவருக்குத்தான் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்ற பலருக்கு வேறு காரணம், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட காரணம். மீன் நாற்றத்தோடு நீர்த்துச் சாம்பல் வெள்ளையாகப் படுவது பாக்டீரியா சமநிலை குலைந்ததால் இருக்கலாம். அதில் அரிப்பு குறைவு. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்து வந்தால் டிரைகோமோனாஸ் என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். இது உடலுறவால் பரவுவது, எனவே துணைக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. இவ்விரண்டுக்கும் பூஞ்சை மருந்து துளியும் உதவாது.

நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட மறுவாரம் அரிப்பு தொடங்குகிறது. நல்ல பாக்டீரியாக்கள் குறைந்ததும் பூஞ்சை பெருகுவது வழக்கம்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்குகிறார். ஒரே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த கிரீமில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது, தோலையும் மெலிய வைக்கும். அடுத்த மாதமே அரிப்பு திரும்புகிறது. இப்போது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, தணிகிறது. நான்கு மாதத்தில் மூன்றாம் முறை வந்தபோதுதான் மகளிர் மருத்துவரிடம் போகிறார்.

அங்கே நடப்பது எளிய பரிசோதனை. சிறு கருவியால் உள்ளே பார்த்து, பஞ்சுக் குச்சியால் கசிவை எடுத்து, அமிலத்தன்மை காட்டும் தாளில் தொடுவார்கள். பூஞ்சையில் அமில அளவு பெரும்பாலும் இயல்பாகவே, 4.5-க்கு மேல் போகாமல் இருக்கும். மற்ற இரண்டிலும் அது பெரும்பாலும் உயர்ந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். அதோடு வெறும் வயிற்றில் சுகர் பார்த்தால், இந்தப் பெண்ணுக்கு 180. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிகிறது. சிறுநீரிலும் கசிவிலும் சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குத் தீனி கிடைக்கும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை வரலாம். அவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாதாரணத் தொற்றுக்கு உள்ளே வைக்கும் கிளோட்ரிமசோல் மாத்திரை சில இரவுகள், அல்லது அந்த ஒரு ஃப்ளூகோனசோல் போதும். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தால் முதலில் மூன்று நாள் இடைவெளியில் மூன்று மாத்திரை, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம் என்று மருத்துவர் நீட்டிப்பார். கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலைத் தாமாக எடுக்கவே கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்துதான்.

முதல் முறை வருகிறது என்றாலோ, கர்ப்பம் என்றாலோ, மருந்துக்குப் பிறகும் ஒரு வாரத்தில் தணியவில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், கொப்புளம், ரத்தம் கலந்த கசிவு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாவிட்டால் பூஞ்சை குறைவு. அவர்களுக்கு அரிப்பும் தோலில் வெளுத்த திட்டுகளும் இருந்தால், அது நீண்ட கண்காணிப்பு தேவைப்படும் தோல் நோயாக இருக்கக்கூடும்.

பரிசோதனைக்குப் போகும் முன் இரண்டு நாள் உள்ளே எந்த கிரீமும் வைக்காதீர்கள். டெட்டாலோ, வாசனைச் சோப்போ போட்டு உள்ளே கழுவாதீர்கள். இதுவரை பயன்படுத்திய கிரீம் டியூபையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.