அந்த ஒப்புதலைக் கொடுத்தது யார்?

எங்கள் நிறுவனத்துக்கு ஆடிட் செய்ய வந்தவர் கேட்டது ஒரே ஒரு டிக்கெட்டைத்தான். ஒரு மருந்துக்கடை பில்லிங் திட்டத்தில், தள்ளுபடியைக் கழித்த பிறகு வரி கணக்கிடுவதா, கழிப்பதற்கு முன்பா என்று ஒரு விதி மாறியிருந்தது. "இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார், எந்தத் தேதியில்?" என்றார். டிக்கெட் எண் 2417. திட்டம் முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு நிமிட வேலை என்று நினைத்து ட்ராக்கரைத் திறந்தேன். பதில் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ட்ராக்கர் என்பது மென்பொருள் நிறுவனங்களின் வேலைப் பேரேடு. ஒவ்வொரு வேலையும், ஒவ்வொரு பிழையும் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் தேதியோடு அதன் அடியில் சேர்ந்துகொண்டே போகும். நாங்கள் பயன்படுத்துவது ரெட்மைன். 2006இல் ழான் ஃபிலிப் லாங் தொடங்கிய இலவச மென்பொருள் அது. சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பதால் பல சிறு நிறுவனங்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

தேடல் பெட்டியில் 2417 என்று அடித்தேன். திட்டம் உயிரோடு இருந்தால் அந்த எண்ணே நேராக டிக்கெட்டுக்குக் கூட்டிப்போய்விடும். ஒன்றும் வரவில்லை. பழைய மின்னஞ்சலில் இருந்த இணைப்பை அழுத்தினேன். "The project you're trying to access has been archived." என்று ஒரு வரி வந்தது.

திட்டம் முடிந்த வாரத்தில், பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று நிர்வாகி நல்லெண்ணத்தோடு `Archive` பட்டனை அழுத்தியிருக்கிறார். பெயர்தான் ஏமாற்றுகிறது. ஆவணக் காப்பகம் என்றால் போய்க் கேட்டு, எடுத்துப் படிக்கலாம் என்றுதானே நமக்குப் பழக்கம்? ரெட்மைனில் ஆர்க்கைவ் என்றால் பூட்டி, சாவியை நிர்வாகியிடம் கொடுப்பது. அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக்கூட அது தெரியாது, தேடலிலும் வராது. தரவுத்தளத்தில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்க முடியாது. ஜிராவிலும் இதே நிலைமைதான்: ஆர்க்கைவ் செய்த திட்டத்தின் டிக்கெட்டுகள் வழக்கமான தேடலில் வருவதில்லை.

முடிந்த திட்டத்துக்கு ரெட்மைன் வைத்திருக்கும் சரியான பட்டன் வேறு: `Close`. அதை அழுத்தினால் திட்டம் படிக்க மட்டும் என்று ஆகிவிடும். புதிய டிக்கெட் போட முடியாது, பழையதைத் திருத்த முடியாது, கருத்து எழுத முடியாது. மேலே "This project is closed and read-only." என்று அறிவிப்பு நிற்கும். ஆனால் அனுமதி உள்ளவர் படிக்கலாம், தேடலாம், இணைப்பும் வேலை செய்யும். ஆடிட்டுக்கு வேண்டியது இதுதான்: கை வைக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும். திட்டப் பட்டியலின் நீளம்தான் தொல்லை என்றால், மூடிய திட்டங்களை அங்கே வடிகட்டிக்கொள்ளலாம். அதற்காக வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை.

நிர்வாகியை அழைத்து ஆர்க்கைவிலிருந்து மீட்கச் சொன்னேன். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. `Unarchive` செய்தால் திட்டம் மூடிய நிலைக்குத் திரும்பாது. தாய்த்திட்டம் மூடியிருந்தால் தவிர, மற்றபடி முழு உயிரோடு, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில்தான் எழும். ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்படித் திறந்து கிடக்கும் பதிவு சாட்சியாகுமா? மீட்ட மறுநொடி `Close` அழுத்திவிட வேண்டும். துணைத்திட்டங்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம் வேலை. தாயை ஆர்க்கைவ் செய்யும்போது பிள்ளைகளும் சேர்ந்து போய்விடும், மீட்கும்போது ஒவ்வொன்றாக, தாய் முதலில் என்று எடுத்தாக வேண்டும்.

ஒருவழியாக 2417 திரையில் வந்தது. மாற்றத்தின் விளக்கம் இருந்தது, சோதனை முடிவு இருந்தது, நிலை "ஒப்புதல்" என்று மாறிய வரியும் தேதியோடு இருந்தது. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் `Anonymous` என்று இருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒப்புதல் கொடுத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அவருடைய கணக்கை யாரோ அழித்திருக்கிறார்கள். ரெட்மைனில் ஒரு கணக்கை அழித்தால் அவர் எழுதிய கருத்துகளும் செய்த மாற்றங்களும் அழிவதில்லை. எல்லாம் பெயரற்ற பயனர் பெயருக்கு மாற்றி எழுதப்படும். டிக்கெட் அவர் பொறுப்பில் இருந்திருந்தால் அந்த இடம் காலியாகும். திரையில் மட்டும் பெயர் மறைக்கப்படுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். தரவுத்தளத்திலேயே மாற்றி எழுதப்படுகிறது. திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டனும் கிடையாது. ஆர்க்கைவ் செய்தது மீட்கக்கூடிய தவறு, கணக்கை அழித்தது மீட்க முடியாத தவறு. இரண்டில் எதை முதலில் தடுக்க வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை `Lock` செய்ய வேண்டும். அவரால் உள்ளே வர முடியாது, ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் பெயர் நிற்கும். மனிதவளப் பிரிவினர் "பயனரை நீக்கவும்" என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள். அவர்கள் கேட்பது உள்ளே நுழையும் உரிமையை நீக்கத்தான். நிர்வாகி அதை அப்படியே அழித்துவிடக் கூடாது.

எங்களைக் காப்பாற்றியது பழைய காப்புப்பிரதி. அந்தக் கணக்கு அழிவதற்கு முன் எடுத்த தரவுத்தள நகல் ஒன்று தனி வட்டில் இருந்தது. அதை வேறொரு கணினியில் ஏற்றி, டிக்கெட்டின் வரலாற்றை நேரடியாகக் கேட்டோம்:

```sql
SELECT j.created_on, u.login,
       d.prop_key, d.old_value, d.value
FROM journals j
JOIN journal_details d ON d.journal_id = j.id
JOIN users u ON u.id = j.user_id
WHERE j.journalized_type = 'Issue'
  AND j.journalized_id = 2417
ORDER BY j.created_on, j.id;
```

`journals` என்ற அட்டவணையில் யார், எப்போது என்பது இருக்கும்; `journal_details` அட்டவணையில் எது, எதிலிருந்து எதற்கு மாறியது என்பது இருக்கும். நிலை மாற்றம் `status_id` என்ற பெயரில், 3, 5 என்று வெறும் எண்ணாக வரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று `issue_statuses` அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் கருத்து மட்டும் எழுதிய பதிவுகள் இந்தக் கேள்வியில் வராது, மாற்றங்கள் மட்டுமே வரும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒப்புதல் வரியில் அந்தத் தோழரின் பயனர் பெயர் இருந்தது. ஆடிட்டர் அதை ஏற்றுக்கொண்டார், கூடவே பதிவுகளைக் காக்கும் முறை பற்றி ஒரு குறிப்பும் எழுதினார். எழுதியது நியாயம்தான். ஐஎஸ்ஓ 9001இன் 7.5.3 பிரிவு, பதிவுகள் தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றும், அவற்றில் நேரும் மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இரண்டிலும் நாங்கள் தவறியிருந்தோம்.

"எதற்கு வம்பு, எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து வைத்துவிடலாமே" என்று ஒரு நண்பர் சொன்னார். அதையும் செய்து பார்த்தேன். திட்டத்தில் 1,860 டிக்கெட்டுகள். கோப்பில் 500 வரிகள். ரெட்மைனில் ஏற்றுமதிக்கு ஒரு வரம்பு உண்டு, மாற்றாமல் விட்டால் அது 500. மிச்சத்தை விட்டுவிடும். அமைப்புகளில் `Issues export limit` என்ற இடத்தில் அதை உயர்த்தலாம். இதைத் தவிர, டிக்கெட் பட்டியல் வழக்கமாகத் திறந்திருப்பவற்றை மட்டும்தான் காட்டும். முடிந்த திட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே மூடிய டிக்கெட்டுகள் என்பதால் அந்த வடிகட்டியை எடுக்காவிட்டால் கோப்பு காலியாகவே வரும். கோப்பின் வரிகளை எண்ணித் திரையின் மொத்தத்தோடு ஒப்பிடுவதுதான் ஒரே சோதனை. எண்ணிக்கை சரியாக வந்தாலும் அந்தக் கோப்பில் ஒவ்வொரு டிக்கெட்டின் இன்றைய நிலைதான் இருக்கும், அது மாறி வந்த வழி இருக்காது. ஒரு டிக்கெட்டைத் தனியாக பிடிஎஃப் ஆக எடுத்தால் வரலாறும் சேர்ந்து வரும். ஆடிட்டர் குறிப்பிட்டுக் கேட்கும் சில டிக்கெட்டுகளுக்கு அது நல்ல வழி.

தேடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரெட்மைனின் தேடல் தலைப்பையும் விளக்கத்தையும் கருத்துகளையும் பார்க்கும். இணைத்த கோப்புகளின் பெயரையும் அவற்றுக்குக் கொடுத்த சிறு விளக்கத்தையும் பார்க்கும், கோப்புக்குள் இருக்கும் எழுத்தைப் பார்க்காது. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை ஸ்கேன் செய்து `scan0012.pdf` என்று போட்டுவைத்தால், பின்னால் எந்த வார்த்தையைத் தேடினாலும் அது வராது. திட்டத்தை மூடுவதற்கு முன் இப்படிப்பட்ட கோப்புகளுக்கு ஒரு வரி விளக்கம் எழுதிவிட வேண்டும், மூடிய பிறகு எழுத முடியாது. பில்லிங் திட்டத்தில் இப்படி முப்பத்தாறு கோப்புகள் இருந்தன. அவற்றுக்கு விளக்கம் எழுத ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு திட்டம் முடிந்தால் முதலில் திறந்திருக்கும் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏன் முடிக்கவில்லை என்பதையும் எழுதி மூடுகிறோம். கோப்புகளுக்கு விளக்கம் எழுதுகிறோம். படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு பங்கை உருவாக்கி, தரப்பிரிவில் ஒருவரைத் திட்டத்தில் சேர்க்கிறோம். இல்லாவிட்டால் பழைய உறுப்பினர்கள் எல்லாரும் பூட்டப்பட்ட பிறகு நிர்வாகியைத் தவிர யாராலும் அதைப் பார்க்க முடியாது. தனிக்கருத்துகளைப் படிக்கும் `View private notes` அனுமதியையும் அந்தப் பங்குக்குக் கொடுக்கிறோம், பல நேரம் உண்மையான முடிவு அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். தரவுத்தள நகலையும், இணைப்புகள் கிடக்கும் `files` கோப்புறையையும் ஒரே நேரத்தில் எடுத்து, ரெட்மைனின் பதிப்பு எண்ணோடு சேர்த்து வைக்கிறோம். அதற்குப் பிறகுதான் `Close`.

கடைசியாக, தரப்பிரிவில் இருக்கும் மீனா அக்கா தன் சொந்தக் கணக்கில் நுழைந்து மூன்று விஷயங்களைத் தேடுவார்: ஒரு டிக்கெட் எண், ஒரு கருத்தில் வந்த சொல், ஒரு ஸ்கேன் கோப்பின் விளக்கம். போன மாதம் மூடிய திட்டத்தில் மூன்றாவது வரவில்லை. திட்டத்தைத் திரும்பத் திறந்து, விட்டுப்போன விளக்கத்தை எழுதி, மறுபடியும் மூடினோம். அவர் இன்னொரு முறை தேடினார், கோப்பு வந்தது.